பங்கு ஏறியும் பணம் போனது: ‘புவர் மேன்ஸ் கவர்ட் கால்’ போடுபவர்கள் கவனத்திற்கு

நேற்றுக் காலை 2,525 டாலர் போனது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆப்ஷன் செய்யும் நம்மவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கமிஷன் இல்லை என்று விளம்பரம் செய்யும் மொபைல் புரோக்கர் ஆப் ஒன்று, அவ்வளவுதான்.

நான் போட்டது இதுதான். பங்கு 100 டாலரில் இருந்தது. 500 பங்கு வாங்க 50,000 வேண்டும், என்னிடம் இல்லை. அதனால் 14 மாதம் தள்ளி முடியும் 80 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 26 டாலருக்கு 5 கான்ட்ராக்ட் வாங்கினேன். 13,000 டாலர். அதன்மேல் ஒரு மாதத்தில் முடியும் 105 ஸ்ட்ரைக் காலை 1.20க்கு விற்று 600 டாலர் பிரீமியம் எடுத்தேன். ஆக, கையிலிருந்து போனது 12,400.

விற்பதற்கு முன்னால் கேட்காமல் இல்லை. ஆப்பின் சாட்டில் ஒரு பெண்மணி வந்தார். “இந்த ஷார்ட் கால் அசைன் ஆனால் என்ன ஆகும்?” என்று தெளிவாகத்தான் கேட்டேன். “உங்களிடம் லாங் கால் இருக்கிறதே, அது கவர் செய்துவிடும், கவலை வேண்டாம்” என்றார். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. அந்த ஒரு வரியை நம்பித்தான் பட்டனை அழுத்தினேன். அவர் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். கவர் செய்தது. எப்படிச் செய்தது என்பதில்தான் கதை.

மூன்று வாரத்தில் பங்கு 109 ஆனது. செவ்வாய் மாலை என் லாங் கால் 33.50, விற்ற கால் 4.20. இரண்டையும் அன்றே முடித்திருந்தால் 14,650 கைக்கு வந்திருக்கும். நான் முடிக்கவில்லை, எக்ஸ்பைரிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பங்குக்கு டிவிடெண்ட் எக்ஸ்-டேட், பங்குக்கு 75 சென்ட். அதை நான் பார்க்கவே இல்லை.

என் காலை வாங்கியவர் பக்கம் நின்று பாருங்கள். அவரிடம் இருக்கும் கால் 4.20, அதில் 4 டாலர் நேரடி மதிப்பு, டைம் வேல்யூ வெறும் 20 சென்ட். அன்றே எக்சர்சைஸ் செய்தால் அந்த 20 சென்ட் போகும், 75 சென்ட் டிவிடெண்ட் வரும். யார்தான் சும்மா இருப்பார்கள்? அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை எக்ஸ்பைரிக்கு முன் எந்த நாளிலும் எக்சர்சைஸ் செய்யலாம். செய்துவிட்டார்கள். 5 கான்ட்ராக்டும் அசைன் ஆயின.

காலையில் எழுந்து பார்த்தால் கணக்கில் மைனஸ் 500 பங்கு. காபி கூடப் போடவில்லை, அடுத்த அறிவிப்பு வந்துவிட்டது: “உங்கள் லாங் கால் எக்சர்சைஸ் செய்யப்பட்டது.” என்னைக் கேட்கவே இல்லை. 80க்கு வாங்கி 105க்குக் கொடுத்தாயிற்று, 25 டாலர் வீதம் 12,500. எக்ஸ்-டேட்டில் நான் ஷார்ட் என்பதால் டிவிடெண்டும் என் தலையில், 375. மிச்சம் 12,125. செவ்வாய் மாலை 14,650 இருந்த இடத்தில்! பங்கு 9 டாலர் ஏறியிருக்கிறது, நான் போட்ட 12,400கூடத் திரும்பவில்லை.

ஆப்பு அங்கேதான். 33.50க்கு விலைபோகும் காலை எக்சர்சைஸ் செய்தால் 29தான் கிடைக்கும், மீதி 4.50 டைம் வேல்யூ காற்றில் போய்விடும். சந்தையில் 500 பங்கு வாங்கி ஷார்ட்டை அடைத்துவிட்டு, லாங் காலை விற்றிருந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

போன் செய்தேன், 40 நிமிடம் பாட்டு. அப்புறம் ஒருவர் “ஒப்பந்தத்தில் இருக்கிறது சார்” என்றார். சாட்டில் அந்தப் பெண்மணி எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினேன். “அது பொதுவான தகவல், ஆலோசனை அல்ல” என்று பதில். மூன்றாவது மெயிலுக்கு டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். 2,525 டாலருக்கு ஒரு “வருந்துகிறோம்”.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய நாள் ஷார்ட் காலைப் பாருங்கள். பணத்துக்குள் போயிருந்து, டைம் வேல்யூ டிவிடெண்டைவிடக் குறைவாக இருந்தால், அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள், அல்லது தேதி தள்ளி ரோல் செய்யுங்கள். அதே ஸ்ட்ரைக், அதே எக்ஸ்பைரி புட்டின் விலையைப் பார்த்தாலும் போதும், டிவிடெண்டைவிட மலிவாக இருந்தால் ஆபத்து. அப்புறம், அசைன் ஆனால் லாங் காலைத் தானாக எக்சர்சைஸ் செய்வீர்களா என்று உங்கள் புரோக்கரிடம் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். சாட் வேண்டாம்.