‘பற்றி’ என்ற ஒரு சொல்லும் மூன்று ஆண்டுகளும்

மகளின் ஆங்கில அகராதியைச் சென்ற வாரம் இரண்டாவது முறையாகப் பைண்டிங் கடையிலிருந்து வாங்கி வந்தேன். அன்று மாலையே நண்பர் ஒருவர், எட்டாம் வகுப்புக்குப் போகும் தம் பெண்ணுக்கு எந்த அகராதி வாங்குவது என்று கேட்டார். உடனே பதில் சொல்ல வரவில்லை. மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருவகை அகராதிகளும் புழங்குகின்றன. இரண்டின் மீதும் எனக்குக் கோபமும் உண்டு, நன்றியும் உண்டு.

ஒன்று கற்போருக்கான ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி. எளிய ஆங்கிலத்தில் விளக்கம், எடுத்துக்காட்டு வாக்கியம், அதன் கீழே தமிழ்ப் பொருள் என்ற அமைப்புடையது. பைண்டிங்கைப் பற்றிக் குறை சொல்லப் போவதால் பதிப்பகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். மற்றொன்று அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1965இல் ஒரே தொகுதியாக வெளியிட்ட ‘ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம்’. அறிஞர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் உரிய நூல்.

என் மகள் தமிழ்வழியில் படிப்பவள். ஒன்பதாம் வகுப்பில் அவள் எழுதிய ஏறத்தாழ ஒவ்வொரு கட்டுரையிலும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்ற பிழை இருந்தது. ஆங்கிலத்தில் அந்த வினைக்குப் பின் ‘அபௌட்’ வராது. செயப்படுபொருள் நேராக வந்து நிற்கும். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே இருந்தார், அவளும் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அகராதியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தமிழ் வரியில் ‘ஒன்றைப் பற்றி விவாதி’ என்றிருந்தது. தமிழில் அது பிழையே இல்லை. தமிழ் வினை ‘பற்றி’யைக் கேட்கிறது, ஆங்கில வினை கேட்பதில்லை. மாணவியோ அந்தப் ‘பற்றி’யையும் சேர்த்தே ஆங்கிலத்துக்கு எடுத்துச் சென்றுவிடுகிறாள். ‘உள்ளே நுழை’ என்று படித்துவிட்டு ‘என்டர் இன்டு தி ரூம்’ என்று எழுதியதும் இதே வழியில்தான்.

இத்தனைக்கும் அதே பதிவில், தமிழ் வரிக்கு மேலேயே, ‘அபௌட்’ இல்லாத சரியான எடுத்துக்காட்டு வாக்கியம் அச்சாகியிருந்தது. அதை அவள் ஒருமுறைகூடப் படித்ததில்லை. மூன்று ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது இதுதான். அந்த நூலின் உண்மையான மதிப்பு எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. ஆனால் தமிழைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, எடுத்துக்காட்டை மங்கிய சாய்ந்த எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் இருக்கும் பிள்ளையின் கண் தாய்மொழிக்குத்தானே ஓடும்? கடைசியில் ஓர் அட்டைத் துண்டை வெட்டிக் கொடுத்தேன். முதலில் தமிழ் வரியை அட்டையால் மறைத்துவிட்டு எடுத்துக்காட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பொருளை ஊகிக்க வேண்டும், அதன்பிறகே அட்டையை எடுக்க வேண்டும். முதலில் முணுமுணுத்தாள். அந்த ஆண்டின் இறுதியில் ‘அபௌட்’ காணாமல் போயிற்று.

பல்கலைக்கழக நூலில் இந்தச் சிக்கலே எழாது, ஏனெனில் அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தேடிப் பயனில்லை. பொருள்கள் காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாக வரிசை கட்டி நிற்கும். ‘சார்ஜ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சுமை, பொறுப்பு, கட்டணம், குற்றச்சாட்டு, தாக்குதல், மின்னேற்றம் எனத் தொடர்பே இல்லாதவைபோல் தோன்றும் பொருள்கள் அதற்கு உண்டு. பாடத்தில் ஒரு பையன்மீது திருட்டுக் குற்றம் சாட்டியதாக ஒரு வாக்கியம் வந்தது. அந்த நீண்ட வரிசையில் தனக்கு முன்பே தெரிந்த பொருளைப் பிடித்துக்கொண்டு, ‘திருட்டுக்காகப் பையனிடம் கட்டணம் வாங்கினார்கள்’ என்று மகள் எழுதினாள். சிரித்துவிட்டேன்; ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. கற்போர் பதிப்பில் பொருள்களுக்கு எண்ணிட்டு, குற்றம் சாட்டுதல் என்ற பொருளுக்குரிய வினையோடு ‘வித்’ வரும் என்று காட்டியிருக்கிறார்கள். பாட வாக்கியத்திலும் ‘வித்’ இருந்தது. அந்தச் சிறுசொல்லே சரியான பொருளைத் திறக்கும் சாவி.

1965க்குப் பின் ஆங்கிலம் வெகுதூரம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்நூலில் ‘மௌஸ்’ எலிதான். கணினி மேசைக்கு அது வரவில்லை.

இருந்தும் அந்தக் கனமான நூல் எதிர்பாராத ஓர் இன்பத்தைத் தந்தது. ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கும் பயிற்சி வந்தபோது, பொருள் தெரிந்த சொற்களுக்கே அவள் அதைப் புரட்டத் தொடங்கினாள். ஒரு சொல்லுக்கு ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பார்ப்பாள். தயங்குவது வேறு, தடுமாறுவது வேறு, பின்வாங்குவது வேறு என்று வாதாடுவாள். தமிழ் அறிந்தவர் தேர்ந்தெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட வரிசை அது. ஆங்கிலம் அறியாதவர் அதிலிருந்து தேர்ந்தெடுக்க முடியாது என்பதில் நூலின் குற்றம் எதுவுமில்லை.

தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும்போது இரண்டுமே கைவிடுகின்றன. ‘கையெழுத்துப் போட்டார்’ என்பதை எழுதப் புகுந்தவள் ‘புட்’ என்ற வினையைப் போட்டாள். தேநீர் போடுவது, சண்டை போடுவது, ஊசி போடுவது ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினை இருக்கிறது. இதற்குத் தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்கும் நூல் வேண்டும். 1992இல் முதலில் வெளிவந்து, 2008இல் விரிவாக்கப்பட்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ தமிழ் விளக்கத்தோடு ஆங்கிலப் பொருளையும் தருகிறது. ஆனால் அதன் எடுத்துக்காட்டுகள் தமிழ்ச் சொல்லின் வழக்கைக் காட்டுவதற்கானவை. எனவே அங்கே கிடைக்கும் ஆங்கிலச் சொல்லைக் கற்போர் பதிப்பில் மீண்டும் தேடி, அது வாக்கியத்தில் எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். இரண்டு நூல், இரண்டு தேடல். குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழெழுத்தில் உச்சரிப்புத் தரும் சிற்றகராதிகளைப் பற்றியும் நண்பர் கேட்டார். ஆங்கிலத்தில் குண்டூசியின் பெயரையும் குப்பைத்தொட்டியின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’தான். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் நின்றபடியே இரண்டு சொற்களைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்கு முழு வாக்கியம் இருக்கிறதா? ‘அட்வைஸ்’ என்ற பெயர்ச்சொல் எண்ண முடியாதது என்ற குறிப்பு இருக்கிறதா? தமிழில் அறிவுரைகள் என்று பன்மை இயல்பாக வருவதால், இந்தக் குறிப்பு இல்லாத நூலை நம்பும் பிள்ளை ஆங்கிலத்திலும் பன்மை ஒட்டு சேர்த்தே தீரும். இவை இரண்டும் இருந்தால் அட்டை எந்த நிறத்தில் இருந்தாலும் வாங்கலாம்.

ஆகவே கற்போர் பதிப்பையே வாங்கச் சொன்னேன். ஆனால் தினமும் புரட்டுவதற்கென்று விற்கும் நூலை ஓராண்டுகூடத் தாங்காத பசையால் ஒட்டி அனுப்புகிறவர்கள்மீது எனக்குக் கோபம் தணியவில்லை. பைண்டிங்குக்கு இரண்டு முறை கொடுத்த பணம் அட்டைவிலையில் பாதியைத் தொட்டுவிட்டது. புதிதாக வாங்கும்வரை இரவல் கேட்ட நண்பரிடம் அதைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தேன், திரும்பி வராவிட்டாலும் கேட்க மாட்டேன். பல்கலைக்கழக நூலைக் கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லி மறுத்திருப்பேன்.