ஒரே கருவியின் சதவீதமா, நாலு சின்னத் தடயங்களா?

மாணவர் தந்த கட்டுரை ஏஐ எழுதியதா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, கண்டுபிடிப்புக் கருவியில் ஒட்டி, அது காட்டும் சதவீதத்தை நம்புவது. இன்னொன்று, நடை, கோப்பு விவரம், நேரம் என்று தனியாகப் பார்த்தால் வலுவில்லாத தடயங்களைச் சேர்த்து எடைபோடுவது. என் ஆங்கில வகுப்புக்கு இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டேன்.

கருவி வேகமானது, சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் விட்ட கருவி, அவர்களே சொன்னபடி, ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தையும் ஏஐ என்றது. 100 கட்டுரையில் 10 ஏஐ எழுதியவை என்றால், சிக்குவது இரண்டோ மூன்றோ. வீண்பழி 8 பேருக்கு. ஜூலையிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். இன்றைய கருவிகள் தேவலாம்தான். ஆனாலும் சதவீதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் சார் எழுதினேன்" என்று நிற்கும் பையனிடம் என்ன பேசுவது?

தடயம் சேர்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. மூன்று தடயம் என்று நாம் எண்ணுவது பல நேரம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வேர்டு கோப்பு வந்தது. .docx என்பது உள்ளபடியே ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் docProps என்ற அடைவில் இவை கிடைக்கும்:

```
app.xml:  <TotalTime>4</TotalTime>
core.xml: <cp:revision>2</cp:revision>
          created: ...T18:10:00Z
```

திருத்திய நேரம் 4 நிமிடம், சேமித்தது 2 முறை. Z என்றால் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் இரவு 11:40. கெடு நள்ளிரவு. மூன்றும் சேர்ந்து மிரட்டுகின்றன. ஆனால் பையன் போனில் எழுதி, கடைசியில் நண்பனின் லேப்டாப்பில் ஒட்டியிருந்தாலும் இதே மூன்றும் வரும். காரணம் ஒன்றானால் தடயமும் ஒன்றுதான். மூன்றாகக் கூட்டக் கூடாது.

அதனால் வேறு இடத்திலிருந்து வரும் தடயம் வேண்டும். வகுப்பில் கையால் எழுதிய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் 'discuss about' என்று எழுதும் பழக்கம் இருந்தது. கட்டுரையிலும் இரண்டு இடத்தில் அதுவே. ஏஐ அந்தப் பிழையை லேசில் செய்யாது. அப்புறம் போனில் இருந்த கூகுள் டாக்ஸ் வரைவின் பதிப்பு வரலாற்றைக் காட்டச் சொன்னேன். மூன்று மாலைகளில் பத்தி பத்தியாக வளர்ந்திருந்தது. மதிப்பெண் போட்டுவிட்டேன்.

ஏஐயிடம் வாங்கியதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தால் வரலாறும் ஏமாற்றும். அங்கே கட்டுரையிலிருந்து இரண்டு கேள்வி நேரில் கேட்பேன். தமிழ்க் கட்டுரைகளில் இந்த நடை ஒப்பீடு எவ்வளவு எடுபடும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. அறுபது பேருக்கும் இதைச் செய்ய முடியாது. ஐயம் வந்த நாலைந்து பேருக்கு மட்டும்தான்.