கோபுரத்தின் முன் அக்காவும் நானும்: மூன்று வழிகளில் எது சரியாக வந்தது?

1984 பொங்கலுக்கு வாலாஜாப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வேலூர் கோட்டைக்குப் போயிருந்தோம். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல்தான் மறுபடியும் சாமி வந்து வழிபாடு தொடங்கியிருந்தது. ராஜகோபுரத்தின் முன்னால் அப்பா, இரவல் வாங்கிய ஆக்ஃபா கிளிக் கேமராவில் எங்களைப் படம் எடுத்தார். அக்காவுக்கு 8 வயது, எனக்கு 4. அவள் என் தலையில் கை வைத்திருக்கிறாள், நான் அவள் பாவாடை நுனியைப் பிடித்திருக்கிறேன். கோபுரத்தின் மேல் நிலைகள் படத்துக்குள் அடங்கவில்லை. அதே படத்தை இப்போது எடுக்கப் போய், மூன்று வழிகளை முயன்று பார்த்தோம்.

முதல் வழி, பழைய பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து நிற்பது. எல்லோரும் செய்வது இதைத்தான். கை எங்கே, முகம் எந்தப் பக்கம் என்று சரிபார்க்க இது போதும். கேமரா எங்கே நின்றது என்பதை மட்டும் இது சொல்லாது. அக்காவின் கணவர் போனுடன் கண்மதிப்பாக 10 அடி தள்ளி நின்று எடுத்தார். எடுத்த இடத்தில் எல்லாம் சரியென்றே பட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், கோபுரம் எங்களுக்குப் பின்னால் பொம்மைபோல் சுருங்கிக் கிடந்தது.

இரண்டாவது, பழைய படத்தைப் பாதி மங்கலாக்கிப் போன் திரையில் படரவிட்டு, அதற்குள் நம்மைப் பொருத்துவது. பார்க்க மந்திரம்போல் இருக்கும். கட்டடம் மட்டும் உள்ள படம் என்றால் நானே இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆள் உள்ள படத்தில் இரண்டு இடத்தில் கோளாறு. ஒன்று, குழந்தையின் தலை உடம்புக்குப் பெரியது. 4 வயதில் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், பெரியவர்களுக்கு ஏழில் ஒரு பங்குகூட வராது. முகத்தோடு முகம் பொருத்தினால் கால் தவறும், காலைப் பொருத்தினால் முகம் தவறும். நிழல் முகத்துக்குள் தன் முகத்தைப் புகுத்த அக்கா கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றது தனிக் கதை. இன்னொன்று, உருவம் பொருந்தாதபோது கை தானாக ஜூமுக்குப் போகும். ஜூம் செய்தால் ஆளும் கோபுரமும் ஒரே அளவில் பெருக்கும், சுருங்கும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாது. அதை மாற்றுவது நடைதான். தப்பு ஜூமிலா தூரத்திலா என்று படரவிட்ட படம் பிரித்துச் சொல்வதில்லை.

மூன்றாவது வழி கொஞ்சம் மெனக்கெடல். சோதனையாக ஒரு படம் எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளவுகோலால் அளப்பது. பழைய பிரிண்ட் 8 சென்டிமீட்டர் சதுரம். அதில் அக்கா 42 மில்லிமீட்டர் உயரம், கோபுரத்தின் முதல் நிலை 30 மில்லிமீட்டர் அகலம். வகுத்தால் 1.4. பிரிண்ட் சிறிதோ பெரிதோ, இந்த எண் மாறாது. 10 அடியில் எடுத்த புதிய படத்தைப் போனில் பெரிதாக்கி அளந்தபோது 70, 40. அதாவது 1.75. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.25. அப்படியானால் கேமரா நிற்க வேண்டியது 12.5 அடியில். அப்பா எத்தனை அடி தள்ளி நின்றார் என்று யாருக்கும் நினைவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் கணக்கில் எடுத்த இரண்டாவது சோதனைப் படத்தில் விகிதம் சரியாக வந்தது. ஆனால் நாங்கள் இருவரும் சட்டத்துக்குள் மேலே ஏறி நின்றோம். பழைய படத்தில் தூரத்தில் நடக்கிறவர்களின் தலைகள் அக்காவின் தலைக்கு மேலே தெரிகின்றன. சமதரையில், கேமராவின் உயரத்தில் உள்ளவை எல்லாம், அருகிலோ தொலைவிலோ, படத்தில் ஒரே கோட்டில் விழும். எனவே அப்பா குனியவில்லை, நின்றபடி கண் மட்டத்தில் எடுத்திருக்கிறார். அவர் கண் 5 அடியில் இருந்தது, அன்றைய அக்காவின் உயரம் 4 அடியைக் கொஞ்சம் தாண்டும். இன்று அவளுக்கு 5 அடி 2 அங்குலம். அவளும் கால் பங்கு வளர்ந்திருக்கிறாள், தூரத்தையும் கால் பங்கு கூட்டினோம். கேமராவை மட்டும் பழைய உயரத்திலேயே விட்டது எங்கள் தவறு. 6 அடி 3 அங்குலத்துக்கு ஏற்ற வேண்டும். மாமா பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறினார். ஸ்டாண்டு கொண்டுபோயிருந்தால் சுலபம் என்று தோன்றும், ஆனால் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தில் அதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

இந்தக் கால் பங்குக் கணக்கு பின்னணி தொலைவில் இருப்பதால்தான் பலிக்கிறது. கோபுரம் அவ்வளவு தள்ளி இருக்கும்போது, இரண்டரை அடி பின்வாங்கினால் அது சுருங்குவது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுச் சுவரை ஒட்டி நின்று எடுத்த படமாக இருந்தால், ஆள் பொருந்த வேண்டுமா, சுவர் பொருந்த வேண்டுமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே நான் ஆளை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

நிற்கும் நிலையிலும் இதே அளவை உதவியது. அன்று என் உச்சி அக்காவின் தோளுக்கு நேராக இருந்தது. இன்று அவளைவிட நான் அரையடி உயரம், நின்றால் அவள் கை என் தலைக்கு வராது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் முன்னால் நீட்டிக்கொண்டது. முட்டி போட்டால் உயரம் ஏறத்தாழ முக்கால் பங்காகிறது. சரியாக அவள் தோள் மட்டம். என் பாதம் மட்டும் படத்தில் வராது. அது போகட்டும்.

ஸ்டூடியோவில் புதிய முகங்களை வெட்டிப் பழைய கோபுரத்தில் ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வெயில் எங்கிருந்து விழுகிறது என்பதை அவர் கேட்கவே இல்லை, அதனால் வேண்டாம் என்றேன். வெயிலில் நாங்களும் ஏமாந்தவர்கள்தான். முதல் முயற்சி மே மாதம், அக்கா பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால். ராஜகோபுரம் தெற்கே பார்த்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வேலூரில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. அந்தத் தெற்கு முகத்தில் நாள் முழுவதும் நேர் வெயில் விழாது, எவ்வளவு காத்திருந்தாலும் கோபுரம் மங்கலாகவே நிற்கும். பழைய படத்தில் அது பளிச்சென்று இருக்கிறது, எங்கள் நிழல்கள் பின்னால், படத்தின் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. தென்கிழக்கு வெயில், அதாவது தை மாதக் காலை. மே மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் இது புரிந்தது. ஜனவரியில் மறுபடியும் போய் 10 மணிக்கு நின்றோம்.

என் தீர்ப்பு மூன்றாவது வழிக்குத்தான். கையும் தலையும் சரிதானா என்று பார்க்க மட்டும் கடைசி நிமிடத்தில் இரண்டாவதைத் திறந்துகொள்ளலாம். ஜூமை எல்லாம் முடிந்த பிறகு தொட்டால் போதும். நாங்கள் அகலமாக எடுத்து, வீட்டில் சதுரமாக வெட்டிக்கொண்டோம்.

இரண்டு படங்களையும் டிவியில் பக்கத்தில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். கோபுரத்தை அவர் பார்க்கவே இல்லை. "அன்றைக்கு உன் இடது கையில் சுண்டல் பொட்டலம் இருந்ததேடா, அது எங்கே?" என்றார். நான் வெறுங்கையை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். பழையதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். விரல்களுக்கு நடுவே காகிதத்தின் முனை தெரிந்தது.