டெஸ்டரின் அவசரக் குறிப்பும் முறையான டிக்கெட்டும்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

வாளையாறு எல்லையின் இருபுறமும் உள்ள வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றில் நாங்கள் பணிபுரிகிறோம். எங்கள் டெஸ்டர் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் டெவலப்பர்கள் கோவையிலிருந்தும் வேலை செய்வதால், ஒருவர் கண்ட பிழை மற்றவரிடம் எழுத்தாகத்தான் போய்ச் சேருகிறது. சோதிக்கும்போது அவர் கைபேசியில் தட்டி வைக்கும் குறிப்புகளை, செய்முறைப் படிகள், எதிர்பார்த்த விளைவு, உண்மையில் கிடைத்த விளைவு ஆகிய மூன்று பகுதிகள் கொண்ட டிக்கெட்டாக மாற்றும் வழக்கத்தைச் சில ஆண்டுகளாகப் பின்பற்றி வருகிறோம். அதில் கண்டவற்றை ஒரே ஒரு பிழையைக் கொண்டு விளக்குகிறேன்.

டெஸ்டரின் குறிப்பு இவ்வளவுதான்: "பார்ட்டி மாத்தினா டாக்ஸ் மாறல. கேரளா. 11,800." இது அப்படியே டிக்கெட்டாகப் போயிருந்தால், டெவலப்பர் புதிய பில்லைத் திறந்து, கேரள வாடிக்கையாளரைத் தேர்ந்து, பொருளைச் சேர்த்துப் பார்த்திருப்பார். அந்த வழியில் மென்பொருள் சரியாகவே கணக்கிடும் என்பதால், பிழை தென்படவில்லை என்று எழுதி டிக்கெட்டை மூடியிருப்பார். டிக்கெட் எழுதும் பொறுப்பில் இருந்த நான் டெஸ்டரை அழைத்து, எதை முதலில் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "அண்ணா, பொள்ளாச்சி பார்ட்டிக்குத்தான் முதல்ல ஐட்டம் போட்டேன். அப்புறம்தான் கேரளா பார்ட்டிக்கு மாத்தினேன்" என்றார். பிழை அந்த வரிசையில்தான் இருந்தது. ஆகவே படிகளை இப்படி எழுதினோம்:

```
1. விற்பவர்: தமிழ்நாடு (33). புதிய பில் திறக்கவும்.
2. தமிழ்நாட்டு வாடிக்கையாளரைத் தேர்வு செய்யவும்.
3. 18% வரியுள்ள பொருள் ஒன்றை ரூ.10,000-க்குச் சேர்க்கவும்.
4. சேமிக்காமல், வாடிக்கையாளரைக் கேரளப் பதிவு (32)
   உள்ளவராக மாற்றவும்.
5. வரிப் பகுதியைப் பார்க்கவும்.
```

படிகளை எழுதும் முன் தேவையற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது அவசியம். முதலில் டெஸ்டர் போட்ட பில்லில் பல பொருள்களும் ஒரு தள்ளுபடியும் இருந்தன. தள்ளுபடியை எடுத்த பிறகும், ஒரே பொருளை வைத்த பிறகும் பிழை நின்றதால் அவற்றுக்கு டிக்கெட்டில் இடமில்லை. நான்காம் படியை நீக்கியதும் பிழை மறைந்தது. எனவே அதை நீக்கக் கூடாது.

எதிர்பார்த்த விளைவை எழுதுவதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். "வரி சரியாக வர வேண்டும்" என்பது எதிர்பார்ப்பே அன்று. இந்தப் பிழையில் கிடைத்த விளைவு சி.ஜி.எஸ்.டி. 900, எஸ்.ஜி.எஸ்.டி. 900, மொத்தம் 11,800. வர வேண்டியது ஐ.ஜி.எஸ்.டி. 1,800, மொத்தம் 11,800. இரண்டிலும் மொத்தத் தொகை ஒன்றே என்பதால், அதை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குப் பிழை சிக்காது. ஆகவே வரியின் ஒவ்வொரு பகுதியையும், பொருள் மாநிலம் விட்டு மாநிலம் போவதால் ஐ.ஜி.எஸ்.டி. வர வேண்டும் என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதினோம். மொத்தம் மாறாத பிழைதானே என்று இதன் தீவிரத்தைக் குறைத்துப் போடுவதும் தவறு. தவறான தலைப்பில் வரி கட்டிய வியாபாரி, சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கோர வேண்டியிருக்கும்.

கிடைத்த விளைவில் ஊகம் கலக்கக் கூடாது என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். "வரிக் கணக்கீடு மறுபடி ஓடவில்லை" என்று எழுதிவிட்டால், டெவலப்பர் அந்த ஒரே இடத்தில் தேடத் தொடங்குவார். கணக்கீடு ஓடியும் திரை புதுப்பிக்கப்படாமல் இருந்திருக்கலாம். திரையில் கண்டது மட்டுமே அந்தப் பகுதிக்கு உரியது. பில்லைச் சேமித்து மீண்டும் திறந்தபோதும் அதே 900, 900 இருந்தது என்பது கண்ட செய்தி. அதைத் தனி வரியாகச் சேர்த்தோம், டெவலப்பருக்கு மிகவும் உதவியது அந்த வரிதான்.

இந்த முறை எல்லாப் பிழைக்கும் பொருந்துவதில்லை. எல்லையோரத்தில் சிக்னல் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, சில நேரங்களில் மட்டும் பில் இருமுறை பதிவாகும் பிழை ஒன்று வந்தது. அதற்குப் படிகளை எத்தனை கவனமாக எழுதினாலும் மேசையில் அமர்ந்திருப்பவரிடம் அது நிகழாது. இத்தகைய டிக்கெட்டுகளில் படிகளுக்கு முன்னால், எத்தனை முயற்சியில் எத்தனை முறை நேர்ந்தது, எந்த நேரம், எந்தக் கைபேசி, எந்தப் பதிப்பு, இணைப்பு அப்போது எப்படி இருந்தது என்று எழுதிவிட்டு, சர்வர் பதிவில் அந்த நேரத்துக்குரிய வரிகளையும் இணைக்கிறோம். இவற்றைக் குறிப்பெழுதும் நேரத்திலேயே டெஸ்டர் எடுத்து வைத்தால்தான் உண்டு. மறுநாள் கேட்டால் நேரமும் இணைப்பின் நிலையும் அவர் நினைவில் இருப்பதில்லை.