சுவர் எழுந்து நின்றது, கோப்பில் வேலை முடியவே இல்லை: அரசு பில்லுக்கு அலையும் சிறு ஒப்பந்ததாரர்கள் கவனத்துக்கு

எட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் பில்லுக்காகப் பதிமூன்று மாதம் அலைந்தேன். அரசுத் துறையின் பெயரையோ ஊரையோ இங்கே எழுதப் போவதில்லை. அதே அலுவலகத்தில் எனக்கு உதவியவர்களும் உண்டு. ஆனால் நான் எங்கே ஏமாந்தேன் என்பதைச் சிறிய வேலைகள் எடுக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை இதுதான்: ஒரு மாணவர் விடுதிக்கு 90 மீட்டர் சுற்றுச்சுவர், ஒரு இரும்புக் கேட். டெண்டரில் எனக்குக் கிடைத்தது. 2022 அக்டோபர் 10 அன்று இடத்தை ஒப்படைத்தார்கள், கெடு 90 நாள். டிசம்பர் 28-லேயே முடித்துவிட்டேன். ஜனவரி 2 அன்று "வேலை முடிந்தது, அளவெடுத்து பில் போடவும்" என்று கடிதம் எழுதி உதவிப் பொறியாளர் கையிலேயே கொடுத்தேன். "வெச்சுட்டுப் போங்க சார், பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனிதர் என்று நம்பி வந்துவிட்டேன்.

நான் செய்த தவறு அதுதான். தபால் பிரிவில் சீல் விழாத கடிதம் அந்த அலுவலகத்துக்கு வந்ததாகவே கணக்கில்லை. பிப்ரவரியில் அவருக்கு மாற்றல் வந்தது, கடிதம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 31 அன்று அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு செலவாகாமல் திரும்பிப் போனது. ஏப்ரலில் போய்க் கேட்டபோது, "இந்த வேலைக்கு இப்ப ஃபண்ட் இல்ல, புதுசா கேட்டு எழுதணும்" என்றார்கள். இதற்கிடையில், பில் வந்துவிடும் என்று நம்பி பிப்ரவரியிலேயே இன்வாய்ஸ் போட்டிருந்தேன். பொருள் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்தும் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஜிஎஸ்டி கைக்காசிலிருந்து போனது. பொறியாளர் அளவுகளைப் பதியும் எம்-புக்கில் உங்கள் அளவு ஏறும் முன் இன்வாய்ஸ் போடாதீர்கள்.

புதிய பொறியாளர் ஜூன் 14 அன்றுதான் வந்து அளந்தார். அளந்த அன்றைய தேதியையே வேலை முடிந்த தேதியாகவும் எழுதிவிட்டார். எம்-புக்கில் "அளவை ஏற்கிறேன்" என்று கையெழுத்து வாங்கினார். நீளம், உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போட்டேனே தவிர, மேலே இருந்த தேதியைப் பார்க்கவில்லை. அதன்படி நான் ஐந்து மாதம் தாமதம். பில்லில் தாமத அபராதம் விழும் என்பது கணக்குப் பிரிவில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதோடு அஸ்திவாரமும் சிக்கியது. மண் மூடிய பிறகு ஆழத்தை எப்படி அளப்பது? பள்ளம் திறந்திருந்தபோதே பழைய பொறியாளர் வந்து பார்த்தார், ஆனால் எம்-புக்கில் ஏற்றவில்லை. கடைசியில் மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்து, இருந்ததிலேயே குறைந்த ஆழத்தை மொத்த 90 மீட்டருக்கும் எடுத்துக்கொண்டார்கள். பாறை தட்டியதால் அந்த ஓரிடத்தில் மட்டும் ஆழம் குறைவு. அந்தக் கணக்கில் சுமார் நாற்பதாயிரம் போனது. அது இன்றுவரை திரும்பவில்லை, இனித் திரும்பாது. மூடப்போகும் எந்த வேலையானாலும், மூடுவதற்கு முன் எம்-புக்கில் ஏறட்டும். அதற்காக இரண்டு நாள் ஆட்கள் சும்மா இருந்தாலும் நஷ்டமில்லை.

பில் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரே கேள்விதான்: "ஃபைல் நம்பர் என்ன?" நான் பணி உத்தரவு எண்ணைச் சொல்வேன். அது வைத்துத் தேட முடியாது என்பார்கள். உத்தரவின் மேல் ஓரத்தில் ந.க.எண்.412/ஆ3/2022 என்பதுபோல் ஒன்று இருக்கும். நடுவில் உள்ள 'ஆ3' என்பது அந்தக் கோப்பைப் பார்க்கும் எழுத்தரின் இருக்கை. ஆள் மாறினாலும் இருக்கை மாறாது. அந்த இருக்கைக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் தன்பதிவேட்டில் ஏற வேண்டும், அதன்மேல் என்ன நடவடிக்கை என்பதும் அதிலேயே இருக்கும். எனவே "என் பில் என்னாச்சு" என்று கேட்காமல், "ஆ3-இல் இந்த எண், தன்பதிவேட்டில் கடைசியாக என்ன பதிந்திருக்கிறது" என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதமே மாறும்.

ஆகஸ்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டேன். முதலில் நான் எழுதியிருந்தது "ஏன் பணம் தரவில்லை" என்று. அனுபவமுள்ள ஓர் அண்ணன் அதைக் கிழித்துப் போடச் சொன்னார். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். அவர் சொன்னபடி மூன்று விஷயம் கேட்டேன்: அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கான பதிவின் நகல், எம்-புக்கில் என் வேலைக்கான பக்கங்களின் நகல். கூடவே கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேட்டேன்; பிரிவு 2(ஜெ) அந்த உரிமையைத் தருகிறது, பிரிவைச் சரியாகக் குறிப்பிடுங்கள். முப்பது நாளுக்குள் அழைத்தார்கள்.

கோப்பைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. "ஒப்பந்ததாரரிடமிருந்து பணி முடிவுக் கடிதம் வரப்பெறவில்லை" என்று ஒரு குறிப்பு. நான் கையில் கொடுத்த கடிதத்துக்கு இதுதான் கதி.

வேலை டிசம்பரிலேயே முடிந்தது என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து தேடினேன். கடைசி சிமென்ட் பில் டிசம்பர் 19. கைப்பேசிப் படங்களில் தேதியும் இடமும் இருந்தன. அதைவிடப் பெரிய சாட்சி விடுதியில் கிடைத்தது. டிசம்பர் 30 அன்று புதுக் கேட்டின் சாவியைக் காப்பாளரிடம் கொடுத்தபோது, அவர் தன் பதிவேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். அந்தப் பக்கத்தின் நகலில் காப்பாளரின் கையொப்பமும் சீலும் பெற்று, மற்றவற்றோடு இணைத்து, கோப்பு எண் போட்டு செயற்பொறியாளருக்கு எழுதினேன். இந்த முறை தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் தேதி முத்திரையும் வரவு எண்ணும் வாங்கினேன். இன்னொன்றை ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். அரசுப் பதிவேட்டில் இருந்த தேதியை அவர்களால் மறுக்க முடியவில்லை. அபராதக் குறிப்பு நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் பணம் வந்தது.

நடுவில் சிலர், "45 நாளில் தராவிட்டால் வட்டியோடு வாங்கலாம், எம்எஸ்எம்இ கவுன்சிலுக்குப் போ" என்றார்கள். பொருள் சப்ளை செய்பவர்கள், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், அந்த வழியைத் தாராளமாகப் பார்க்கலாம். கட்டுமான ஒப்பந்தத்துக்கு எம்எஸ்எம்இ சட்டம் பொருந்தாது என்று பம்பாய் உள்படச் சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதால் என் வக்கீல் வேண்டாம் என்றார். வழக்கு என்று போனால் வேலை முடிந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முடிந்த தேதி அங்கேயும் முக்கியம்.

பராமரிப்புக்காகப் பில்லில் பிடித்தம் செய்த ஐந்து சதவீதம் இன்னும் வரவில்லை. இரண்டு ஆண்டுப் பராமரிப்புக் காலம் 2024 டிசம்பர் 28-இல் முடிந்தது. ஜூன் தேதியை அப்படியே விட்டிருந்தால் அதற்கு மேல் ஐந்தரை மாதம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அதைக் கேட்டு நேற்றுத் தபாலில் கடிதம் கொடுத்துவிட்டேன், வரவு எண்ணும் வாங்கிவிட்டேன்.