மஞ்சளாகத் தடித்த நகம்: பூஞ்சையா, அடியா, சொரியாசிஸா?

கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துப் போனால் பார்ப்பவர் எல்லாரும் சொல்வது பூஞ்சையால் வரும் நகச்சொத்தை என்றுதான். மருந்துக் கடையிலும் அதற்கான களிம்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதியில் பெரும் பங்கு, ஷூவும் செருப்பும் ஓயாமல் இடித்ததால் கெட்டவை. இன்னொரு பங்கு, தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோயால் வருபவை. மூன்றும் முற்றிப்போன பிறகு எடுத்த படங்களை அருகருகே வைத்தால் தோல் டாக்டர்களே தடுமாறுவார்கள். எது தாக்கினாலும் நகத்தில் நடப்பது சில விஷயங்கள்தான்: அடிச்சதையை விட்டுப் பிரியும், கீழே செதில் குவியும், நிறம் மாறும். அதனால் படத்தில் மஞ்சளைப் பார்த்துப் பயனில்லை. மஞ்சள் எங்கே தொடங்கியது, அதன் எல்லைக்கோடு எப்படி இருக்கிறது, பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயது ஆண், நாள் முழுக்க மூடிய ஷூவில் நின்று வேலை செய்பவர். வலது கால் கட்டைவிரல் நகத்தின் வெளிப்பக்கப் பாதி மஞ்சள். நுனி தடித்து, லேசாகப் பொடிந்திருக்கிறது. இடது கால் நகங்கள் சுத்தம். படத்தைப் பெரிதாக்கினால், மஞ்சள் முடிகிற இடம் நேர்கோடாக இல்லை. அங்கிருந்து கூரான கீற்றுகள் நகத்தின் வேரை நோக்கி ஏறுகின்றன.

இந்தக் கீற்றுகள்தான் பூஞ்சைக்குச் சாதகமான சாட்சி. ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைதான் இங்கே வழக்கமான குற்றவாளி. அது பெரும்பாலும் முதலில் பாதத் தோலில் குடியேறி, பிறகு நகத்தின் நுனி அல்லது ஓரத்தின் வழியே அடியில் நுழைந்து வேர்ப்பக்கம் முன்னேறும். முன்னேறும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் எல்லை பல்பல்லாகத் தெரிகிறது. இவரிடம் இன்னும் இரண்டு படங்கள் கேட்டு வாங்கினால் சந்தேகம் வலுக்கிறது: சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்திருக்கிறது, உள்ளங்காலில் மாவு தூவியது போல் உலர்ந்த செதில். சேற்றுப்புண் என்று விட்டுவைத்ததுதான் நகத்துக்கு ஏறியிருக்கிறது. நகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் பாதி சாட்சியை வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள்.

சரி, இதே நகம் அடியால் கெட்டிருந்தால்? அப்போது பிரிந்த பகுதியின் எல்லை பெரும்பாலும் வழவழப்பான ஒரே கோடாக இருக்கும். கீற்றுகள் இருக்காது, அடியில் பொடியும் குறைவு. இரண்டு கால்களிலும் ஷூ முட்டுகிற அதே இடத்தில் இருக்கலாம். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளமாக இருப்பவர்களுக்கு அந்த நகமும் சேர்ந்து கெடும். உள்ளங்காலும் விரல் இடுக்கும் சுத்தமாக இருக்கும். ஓட்டப் பயிற்சி செய்பவர்கள், நுனி குறுகிய ஷூ போடுபவர்கள், கல்லில் இடித்துக்கொண்டதை மறந்துபோனவர்கள் இந்த வகையில் வருவார்கள். நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டியிருந்தால் காலமே பதில் சொல்லும்: கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், கட்டிய ரத்தமும் அதோடு நுனிப்பக்கம் நகரும். நகராமல் நிற்கிற அல்லது அகலமாகிக்கொண்டே போகிற கருப்புக் கோடு வேறு கதை. அதற்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் நேரில் காட்ட வேண்டும், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய.

சொரியாசிஸ்தான் மூன்றிலும் ஏமாற்றுக்காரன். கால் நகத்தில் அது பூஞ்சையைப் போலவே தடிக்கும், மஞ்சளாகும், அடியில் செதில் குவிக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் பெரும்பாலும் கை நகங்களில் இருக்கின்றன. ஊசியால் குத்தியது போல ஒழுங்கில்லாத குழிகள், நகத்துக்கு அடியில் எண்ணெய் சொட்டியது போன்ற ஆரஞ்சுத் திட்டு, பிரிந்த பகுதியைச் சுற்றி மெல்லிய செம்பழுப்பு விளிம்பு. குழிகள் கால் நகத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே கால் படத்தை மட்டும் வைத்து சொரியாசிஸ் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். முழங்கை, தலைமுடிக்கு அடியில், தொப்புள், பிட்டத்தின் பிளவு ஆகிய இடங்களில் செதில் உண்டா என்று கேட்க வேண்டும். தலையில் இருப்பதைப் பொடுகு என்று சொல்லி வருடக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள். விரல் நுனி மூட்டு வலியும் காலை இறுக்கமும் இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல், ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று சொல்ல முடியாது. அடிபட்டுப் பிரிந்த நகத்துக்குள் பூஞ்சை எளிதாக நுழையும். சொரியாசிஸ் நகத்திலும் அது சேர்ந்தே வாழலாம்.

படமே பொய் சொல்வதும் உண்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நல்ல நகமும் மஞ்சளாகத் தெரியும். மருதாணியும் அடர்நிற நெயில் பாலிஷும் விட்டுப்போன கறை நகத்தின் மேல்புறத்தில்தான் இருக்கும், நகம் தடித்திருக்காது. கேமராவை மேலிருந்து மட்டும் பிடித்தால் தடிமன் தெரியவே தெரியாது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பாலிஷை அழித்துவிட்டு, இரண்டு பாதங்களும் சேர்ந்து ஒன்று, விரல் நுனிக்கு நேர் எதிரே கேமராவைத் தாழ்த்தி ஒன்று, அப்புறம் விரல் இடுக்கு, உள்ளங்கால், பத்துக் கைவிரல் நகங்கள். நுனிக்கு எதிரே எடுத்த படம்தான் எனக்கு மிகவும் உதவுவது. நகத்துக்கும் சதைக்கும் நடுவே பொடி நிறைந்திருக்கிறதா, வெறும் இடைவெளியா என்பது அதில்தான் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் படத்தை நம்பி பூஞ்சை மாத்திரை தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கால் நகத்துக்கு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினமும் 12 வாரம். கல்லீரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை, சிலருக்கு சொரியாசிஸைக் கிளப்பியும் விடும். ஷூ இடித்த நகத்துக்கு அது ஒன்றும் செய்யாது. அடி என்று படம் சொல்கிற இடத்தில் மட்டும் பரிசோதனைக்கு அவசரம் இல்லை. ஷூவை மாற்றி, பிரிந்த பகுதியை வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம்.

நம் ஐம்பது வயதுக்காரரிடம் திரும்புவோம். பரிசோதனைக்கு நகத்தின் நுனியை வெட்டி அனுப்பினால் ‘பூஞ்சை இல்லை’ என்றே முடிவு வரலாம், ஏனென்றால் உயிருள்ள பூஞ்சை வேர்ப்பக்கம் முன்னேறும் முனையில்தான் இருக்கும். பிரிந்த நகத்தை நன்றாகப் பின்னுக்கு வெட்டி, கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கிற இடத்துக்கு அருகில் அடியிலிருக்கும் பொடியைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தப் பொடியை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். எந்தப் பூஞ்சை என்று அறியும் வளர்ப்புப் பரிசோதனைக்குச் சில வாரம் ஆகும். வெட்டிய நகத்தை, பூஞ்சையை நிறமேற்றிக் காட்டும் பிஏஎஸ் என்ற சாயமிட்டுப் பார்ப்பது தவறவிடும் வாய்ப்பு குறைந்த முறை. களிம்பு போட்டுக்கொண்டே மாதிரி கொடுத்தால் முடிவு கெடும், முன்கூட்டியே நிறுத்த வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்து முடிவு ‘இல்லை’ என்று வந்தால் இன்னொரு முறை எடுப்பதுதான் முறை.

பூஞ்சை உறுதியாகி மாத்திரை முடிகிற நாளில் அவர் நகம் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கும். முழு நகமும் புதிதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் மஞ்சளின் எல்லையில் நகத்தின் மேல் அரத்தால் ஒரு சிறு கோடு கீறி, அன்றைக்கு ஒரு படமும் எடுத்துவைக்கலாம். இரண்டு மாதம் கழித்து எடுக்கும் படத்தில் கோட்டுக்கு வேர்ப்பக்கம் மஞ்சள் ஏறாமல் இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. கோட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தால் மறுபடியும் மாதிரி எடுக்க வேண்டும்.