பன்னிரண்டு நிமிட ஓட்டம்: கைக்கடிகாரத்தை விட்டுச் சுற்றுகளை எண்ணுங்கள்

அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட இந்தச் சோதனையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். 12 நிமிடங்களில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்த்து, உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பதை அதிலிருந்து கணிக்கலாம். ஆய்வகக் கருவி தேவையில்லை. ஆனால் தூரத்தை அளப்பதில்தான் சோதனையின் மதிப்பே இருக்கிறது.

கணக்கு எளியது. தூரம் மீட்டரில்:

```
VO2max = (தூரம் - 504.9) / 44.73
```

விடை, ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வரும். ஏறத்தாழ 45 மீட்டர் கூடினால் ஒரு புள்ளி கூடும். 400 மீட்டர் தடத்தில் இரண்டாவது பாதையில் ஓடினால் ஒரு சுற்று ஏறக்குறைய 407 மீட்டர். ஆறு சுற்றில் 42 மீட்டர் கணக்கில் வராமல் போகிறது, கிட்டத்தட்ட ஒரு புள்ளி! ஜிபிஎஸ் கைக்கடிகாரமும் வளைவுகளில் தடுமாறும். என்னுடையது சுற்றுக் கணக்கைவிட அதிகமாகவே காட்டும். ஆகவே முதல் பாதையில் ஓடி, முழுச் சுற்றுகளை எண்ணி, விசில் ஒலித்ததும் நின்ற இடத்தை அருகிலுள்ள குறியிலிருந்து நாடாவால் அளப்பதே என் வழக்கம்.

அடுத்த சிக்கல் வேகப் பங்கீடு. என்னுடன் ஓடும் நண்பர் முதல் சுற்றை 1:46இல் முடித்தார். பிறகு 1:52, 1:58, 2:03, 2:06, 2:03. மொத்தம் 2,440 மீட்டர், கணிப்பு 43.3. ஓரிரு நாள் ஓய்வெடுத்தபின், எல்லாச் சுற்றையும் 1:55 அளவில் ஓடச் சொன்னேன். 2,500 மீட்டர் வந்தது, கணிப்பு 44.6. அதற்குள் இதயமும் நுரையீரலும் வலுப்பெற வாய்ப்பே இல்லை. தொடக்கத்தில் வீணாக்கிய மூச்சு மிச்சமானது, அவ்வளவுதான். அதனால் தூரத்தோடு ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துவைக்கிறேன். கடைசிச் சுற்றுகள் வெகுவாகத் தளர்ந்திருந்தால் அந்த எண்ணை நம்புவதில்லை. கடும் வெயிலில் ஓடியதையும் மிதமான காலையில் ஓடியதையும் ஒப்பிடுவதும் இல்லை.

ஒரே தூரம் ஓடிய இருவருக்கு ஒரே ஆக்சிஜன் அளவு இருக்கும் என்றும் கொள்ள முடியாது. ஓட்டப் பழக்கம் உள்ளவர் அதே வேகத்துக்குக் குறைந்த ஆக்சிஜன் செலவிடுவார். நல்ல இதயம் வாய்த்த சைக்கிள் வீரர் ஓட்டத்தில் பின்தங்கலாம். பாதி நேரம் நடந்தே கடப்பவருக்கு இந்தச் சமன்பாடு இன்னும் பொருந்தாது: 1,200 மீட்டருக்கு 15.5 என்கிறது, அது பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவு. அவர்களுக்கு முழுமூச்சு தேவைப்படாத நடைச் சோதனையே ஏற்றது.